கைபேசிப் படங்களுக்கு எவ்வளவு பெரிய கிளவுட் திட்டம் வேண்டும்?

கேள்வி: "என் ஆண்ட்ராய்டு கைபேசியில் 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வாரமாக ஜிமெயிலுக்கு அஞ்சலும் வரவில்லை. மூன்று ஆண்டுப் படங்கள் 41 ஜிபி இருக்கின்றன. சுமார் 6,200 படங்கள், இரண்டரை மணி நேர வீடியோ. கணவரிடம் ஐபோன். இலவசமாகவே சமாளிக்க முடியுமா? பணம் கட்டினால் எந்த அளவுத் திட்டம்? குழந்தைகளின் படங்களை அந்த நிறுவனங்கள் பார்க்குமா?"

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கைபேசியிலிருந்து ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள். காரணம் இதுதான்: உங்கள் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி நிரம்பிய நாளோடு படங்கள் மேலே கிளவுடுக்கு, அதாவது அந்த நிறுவனத்தின் இணையச் சேமிப்பிடத்துக்கு, ஏறுவதும் நின்றிருக்கும். அதன் பிறகு எடுத்த படங்கள் உங்கள் கைபேசியில் மட்டுமே இருக்கின்றன. 41 ஜிபியில் எது மேலே இருக்கிறது, எது இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியாது. இந்த நிலையில் இடம் வேண்டும் என்று பழைய படங்களை அழிக்கத் தொடங்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

அழிந்துபோன தரவுகளை மீட்டுக்கொடுக்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் கைபேசி உடைந்து வருபவர்களைவிட, தாங்களே படங்களை அழித்துவிட்டு வருபவர்கள் அதிகம். ஒரு தாய் வந்திருந்தார். கைபேசியில் இடம் இல்லை. படங்கள்தான் கிளவுடில் இருக்கின்றனவே என்று கேலரியைத் திறந்து, மகளின் முதல் இரண்டு ஆண்டுப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். அந்தச் சேவை கைபேசியையும் கிளவுடையும் ஒன்றாகவே பாவிப்பது; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அவர் அதைக் கவனித்தபோது குப்பைத்தொட்டியின் கெடு முடிந்திருந்தது. இன்றைய கைபேசிகள் நினைவகத்தில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்தே வைப்பதால், அழிந்த கோப்பின் சாவியும் அதோடு போய்விடுகிறது. பழைய மெமரி கார்டில் துருவி எடுத்ததைப் போல இதில் எடுக்க முடியாது. விரல்நகம் அளவுள்ள சில சிறுபடங்கள் மட்டும் ஒரு மூலையில் எஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மஞ்சள் நிறத்தில் ஓர் ஆடை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அதனால்தான் விலைப்பட்டியலுக்கு முன்னால், எல்லா இடத்திலும் அழிப்பதற்கும் கைபேசியில் மட்டும் இடத்தைக் காலிசெய்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறேன். ஐபோனின் ஐகிளவுட் படங்கள் என்பது ஒத்திசைவு. ஒரே தொகுப்பு எல்லாக் கருவிகளிலும் தெரிகிறது. ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழிகிறது. கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளிருந்து மேலே ஏறிய ஒரு படத்தை அழித்தாலும் அப்படித்தான், இரண்டு இடத்திலும் போகும். கூகுளின் குப்பைத்தொட்டியில் மேலே ஏறிய படங்கள் 60 நாள் இருக்கும். ஐகிளவுடில் 30 நாள். கைபேசியில் மட்டும் இடத்தைக் காலிசெய்ய வேண்டுமென்றால் அதற்கென்றே தனி வழி இருக்கிறது. கூகுள் போட்டோஸில் Free up space என்பதும், ஐபோனில் Optimize iPhone Storage என்பதும் அவை. முன்னது, பத்திரமாக மேலே ஏறிவிட்டவற்றை மட்டும் கைபேசியிலிருந்து நீக்கும். பின்னது, அசலை மேலே வைத்துக்கொண்டு கைபேசியில் சிறிய நகலை விடும். உங்கள் கை போகவேண்டிய இடம் இவைதான். கேலரியின் குப்பைத்தொட்டிச் சின்னம் அல்ல.

இனி இலவசம். கூகுள் தரும் 15 ஜிபி படங்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால்தான் படம் நிரம்பியதும் அஞ்சல் நின்றது. 2024 தொடக்கத்திலிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் காப்புநகலும் இந்தக் கணக்கிலேயே சேர்கிறது. அதற்கு முன்பு சேரவில்லை. படங்களே அதிகம் எடுக்காத பலருக்குத் திடீரென்று இடம் நிரம்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். one.google.com/storage என்ற பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு தின்கிறது என்று பட்டையாகக் காட்டும். வாட்ஸ்அப் ஐந்தாறு ஜிபி என்று காட்டினால் வாட்ஸ்அப் அமைப்பில் காப்புநகலுக்குள் வீடியோக்களைச் சேர்க்கும் தெரிவை அணைத்துவிடுங்கள். கணக்கில் இடம் காலியானதும் அஞ்சல் வரத் தொடங்கிவிடும். ஆனால் அப்படி அணைத்தால் கைபேசியை மாற்றும்போது அரட்டையில் வந்த வீடியோக்கள் கூட வராது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மற்ற இலவச அளவுகள் இன்னும் சிறியவை. ஐகிளவுட் 5 ஜிபி. 2011-இல் தொடங்கியபோது இருந்த அதே அளவு. ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. மறையாக்கத்தை முன்னிறுத்தும் சேவைகளில் மெகா 20 ஜிபி வரை தருகிறது, என்டே 10 ஜிபி தருகிறது. இவற்றில் எதிலும் உங்கள் 41 ஜிபி அடங்காது. ஆகவே இலவசத்திலேயே காலம் தள்ள முடியுமா என்றால், இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் கிளவுடில் வைக்கவேண்டும் என்பவருக்கு முடியாது.

இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகளைத் திறந்து 15, 15 ஆகப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. விதியை மீறியதாக ஆகாது. ஆனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை அழிப்பது கூகுளின் அறிவித்த கொள்கை. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நிரம்பிய ஒரு பழைய கணக்கை யார் திறந்து பார்த்துக்கொண்டிருக்கப்போகிறார்கள்? இதில் பலர் அறியாத இன்னொன்றும் இருக்கிறது. கணக்கு உயிரோடு இருந்தாலும், போட்டோஸை மட்டும் இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் அதிலுள்ளவற்றை அழிக்கலாம் என்றும் கொள்கை சொல்கிறது. எப்போதோ படங்களை ஏற்றிவிட்டு, "அது அங்கே இருக்கிறது" என்று மறந்துபோகிற பழக்கத்துக்கு இலவசக் கணக்குகள் ஏற்றவை அல்ல.

பணம் கட்டுவது என்று வந்துவிட்டால், எல்லாரும் இப்போதைய அளவைப் பார்த்துத் திட்டம் வாங்குகிறார்கள். பார்க்கவேண்டியது ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை. அந்தக் கூடுதலைத் தீர்மானிப்பது படங்கள் அல்ல, வீடியோ. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். இன்றைய கைபேசிப் படம் ஒன்று ஏறக்குறைய 2 முதல் 4 எம்பி. இரண்டரை என்று வைத்தால் 6,200 படங்களுக்கு 15.5 ஜிபி. வீடியோவுக்கு, ஐபோனின் கேமரா அமைப்பில் ஆப்பிளே அச்சிட்டிருக்கும் கணக்கு உதவும்: 4கே வீடியோ, நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஒரு நிமிடம் சுமார் 170 எம்பி. உங்கள் 150 நிமிடத்துக்கு 25.5 ஜிபி. இரண்டையும் கூட்டினால் 41. நீங்கள் சொன்ன எண்ணோடு ஒத்துவருவதால் உங்கள் கைபேசியும் 4கே-யில்தான் எடுக்கிறது என்று ஊகிக்கிறேன். கேமரா அமைப்பைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் கைபேசிக்குக் கைபேசி இந்த எண் மாறும். ஒரு நிமிட வீடியோ எடுத்து அதன் விவரத்தைப் பார்த்தால் உங்கள் கைபேசியின் எண் கிடைத்துவிடும்.

ஆக, 6,200 படங்களைவிட இரண்டரை மணி நேர வீடியோதான் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆண்டுக்குப் பிரித்தால் படம் 5.2 ஜிபி, வீடியோ 8.5 ஜிபி, மொத்தம் சுமார் 13.7. இப்போது 100 ஜிபித் திட்டம் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். அஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் 13 ஜிபி ஒதுக்கிவிட்டு, இருக்கும் 41-ஐ ஏற்றினால் 46 மீதி. ஆண்டுக்கு 13.7 என்றால் மூன்றே கால் ஆண்டுக்குச் சற்று மேல் வரும். வீடியோவை 4கே-யிலிருந்து 1080பி-க்கு இறக்கினால் ஒரு நிமிடம் 60 எம்பி ஆகிவிடும். ஆண்டுக்கு 50 நிமிடத்துக்கு 3 ஜிபிதான். அப்போது ஆண்டுக் கூடுதல் 8.2; அதே 46 ஜிபி ஐந்தரை ஆண்டு தாங்கும். மாறாக, யாரோ சொன்னார்கள் என்று 4கே-யிலேயே நொடிக்கு 60 சட்டகத்துக்கு மாற்றிவிட்டீர்களானால் ஒரு நிமிடம் 400 எம்பி. அந்த 46 ஜிபி இரண்டு ஆண்டுகூட வராது. கேமராவில் ஒரே ஒரு தெரிவு, திட்டத்தின் ஆயுளை இரண்டிலிருந்து ஐந்தரை வரை ஆட்டுகிறது. விலைப்பட்டியலை எவ்வளவு நேரம் ஒப்பிட்டாலும் இந்த வித்தியாசம் அதில் கிடைக்காது.

தொலைக்காட்சித் திரையில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் 4கே வேண்டும் என்று தோன்றலாம். என் கருத்து இது: பள்ளி மேடை, பிறந்தநாள் போன்ற நாள்களில் 4கே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அன்றாடம் எடுக்கிற சிறு வீடியோக்களுக்கு 1080பி தாராளம். ஏற்கெனவே இருக்கும் 4கே வீடியோக்களைத் தொடவேண்டாம்.

கூகுள் போட்டோஸின் அமைப்பில் Backup quality என்று ஒன்று இருக்கும். அதில் Original quality என்றால் எடுத்தபடியே ஏறும். Storage saver என்றால் படம் 16 மெகாபிக்சலுக்கு மேல் இருந்தால் அந்த அளவுக்கும், வீடியோ 1080பி-க்கும் சுருங்கும். 2021 ஜூன் 1-க்கு முன்பு இந்தச் சுருக்கிய வடிவம் அளவில்லாமல் இலவசமாக இருந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஏற்றியவை இன்றும் கணக்கில் சேர்வதில்லை. அதற்குப் பிறகு ஏற்றியவை எல்லாமே கணக்கில் சேரும். பழைய நினைவில் "சுருக்கி ஏற்றினால் இலவசம்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம்பவேண்டாம். பெரும்பாலான கைபேசிப் படங்கள் 12 மெகாபிக்சல்தான் என்பதால் சுருக்கத்தில் அவற்றின் பிக்சல் எண்ணிக்கை குறையாது. கோப்பு மட்டும் சற்று இறுக்கப்படும். 16 மெகாபிக்சல் படத்தை 24 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். குடும்பப் படங்களுக்கு அதில் குறை காண்பது கடினம். ஆனால் கைபேசியிலுள்ள அசலை Free up space மூலம் நீக்கியபின், உலகில் எஞ்சியிருப்பது அந்தச் சுருக்கிய நகல் மட்டும்தான். மறுபடி விரித்தால் போனது வராது. வேறோர் இடத்தில் அசல் இல்லாதபோது நான் Original quality-யைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

திட்டங்களின் படிக்கட்டு எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூகுளில் 100 ஜிபி, 200 ஜிபி, 2 டிபி. ஐகிளவுடில் 50 ஜிபி, 200 ஜிபி, 2 டிபி, அதற்கு மேல் 6, 12 டிபி. கவனிக்கவேண்டியது நடுவிலுள்ள பள்ளம். 200-க்கு அடுத்த படி நேராக 2,000. 210 ஜிபி தேவைப்படுபவரும் 2 டிபிக்குத்தான் பணம் கட்டவேண்டும். அதனால்தான் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். கூகுளில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் வழி உண்டு, பன்னிரண்டு மாதம் தனித்தனியாகக் கட்டுவதைவிடக் குறைவாகவே வரும். ஐகிளவுடில் மாதாமாதம்தான். முதல் ஒன்றிரண்டு மாதம் மாதக் கட்டணத்தில் இருந்து பார்த்துவிட்டு ஆண்டுக்கு மாறுங்கள். அறிமுகச் சலுகை என்று வந்தால், சலுகை முடிந்தபின் கட்டவேண்டிய தொகையையே உங்கள் விலையாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வாடகை நிற்காத வாடகை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவேண்டும். 60 ஜிபி வைத்துக்கொண்டு கூகுளில் கட்டணத்தை நிறுத்தினால் படங்கள் மறுநாளே அழியாது. ஆனால் புதிதாக எதுவும் ஏறாது, அஞ்சல் மீண்டும் நிற்கும். அளவுக்கு மேலேயே இரண்டு ஆண்டு இருந்தால் எல்லாவற்றையும் அழிக்கலாம் என்பது கொள்கை. ஐகிளவுடிலும் புதியவை ஏறுவது நிற்கும். ஆகவே கட்டணம் கழிக்கும் வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அட்டை மாறியதைச் சொல்ல மறந்து, மூன்று மாதம் எதுவும் ஏறாமலே கைபேசியைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டும் ஐபோனும் கலந்திருப்பது தேர்வை எளிதாக்குகிறது. ஐகிளவுடை ஆண்ட்ராய்டில் உலாவி வழியாக மட்டுமே பார்க்க முடியும். உங்கள் படங்களைத் தானாக அது ஏற்றாது. கூகுள் போட்டோஸோ இரண்டிலும் ஓடும். கூகுளின் கட்டணத் திட்டத்தை உங்களைத் தவிர மேலும் ஐந்து பேரோடு பகிரலாம். இடம்தான் பொது, படங்கள் அவரவருக்கே, நீங்கள் பகிர்ந்தாலன்றி மற்றவர் பார்க்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தன் 15 ஜிபி முதலில் செலவாகி, அதற்கு மேல்தான் பொது இடத்திலிருந்து எடுக்கும். கணவரின் படங்களும் உங்களுடையதைப் போலவே பெருத்திருந்தால் 200, இல்லையென்றால் 100 போதும்.

குழந்தைகளின் படங்களைப் பற்றிய கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்தப் பெரிய சேவையிலும் படங்கள் மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன, மறையாக்கத்திலேயே இருக்கின்றன. கேள்வி, சாவி யாரிடம் என்பது. கூகுள், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், இயல்பு நிலையிலுள்ள ஐகிளவுட் எல்லாவற்றிலும் சாவி நிறுவனத்திடம். "கடற்கரை" என்று தேடினால் கூகுள் போட்டோஸில் கடற்கரைப் படங்கள் வருகின்றன அல்லவா, அவர்களின் கணினிகள் படத்தைப் படிக்க முடிவதால்தான் அது நடக்கிறது. போட்டோஸில் உள்ளவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. ஊழியர் ஒருவர் உட்கார்ந்து உங்கள் ஆல்பத்தைப் புரட்டுகிறார் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆனால் நீதிமன்ற ஆணை வந்தால் கொடுக்க முடியும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படங்களைத் தேடும் தானியங்கிச் சோதனையும் நடக்கிறது.

அந்தச் சோதனை தேவையானது, தவறவும் செய்யும். 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்தியை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்கவேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மகனின் பிறப்புறுப்பருகே வீக்கம் கண்டு, மருத்துவருக்குக் காட்டுவதற்காகக் கைபேசியில் படம் எடுத்தார். அது தானாகக் கூகுள் கணக்கில் ஏறியது. சோதனையில் சிக்கியது. கணக்கு முடக்கப்பட்டது, காவல்துறை விசாரித்து, குற்றம் ஏதும் இல்லை என்று முடிவுசெய்தது. கணக்கு மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதோடு போயின. அரிதான நிகழ்வு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரே கணக்கில் வாழ்க்கை முழுவதையும் வைப்பதன் விலை என்ன என்பது இதில் தெரிகிறது. குழந்தையின் உடலை மருத்துவருக்காகப் படம் எடுக்க நேர்ந்தால், எடுக்கும் முன்பு போட்டோஸில் Backup-ஐ அணைத்துவிட்டு எடுங்கள். அனுப்பியபின் படத்தை அழித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். குளிக்கும் குழந்தையின் படங்களுக்கும் இதையே சொல்வேன்.

சாவி உங்களிடமே இருக்கவேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஐபோனில் Advanced Data Protection என்ற தெரிவு. 2022 டிசம்பரில் அமெரிக்காவிலும் அடுத்த மாதம் மற்ற நாடுகளிலும் வந்தது. அதை இயக்கினால் ஐகிளவுடிலுள்ள படங்களை ஆப்பிளாலும் திறக்க முடியாது. ஆனால் பலருக்கும் பகிரும் ஷேர்டு ஆல்பங்கள் அதில் அடங்கா. இந்த வகைப் பாதுகாப்பு ஓர் அரசின் அழுத்தத்தில் பின்வாங்கப்படலாம் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் புதியவர்களுக்கு அதை ஆப்பிள் நிறுத்தியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுவதில், படங்களுக்கென்றே கட்டப்பட்ட என்டே இந்த வகையைச் சேர்ந்தது. புரோட்டான் டிரைவும் அப்படியே. முகம் பார்த்துத் தேடும் வசதியை என்டே உங்கள் கருவிக்குள்ளேயே செய்கிறது, அதனால் முதன்முறை கைபேசி கொஞ்சம் சூடாகி, மின்கலமும் இறங்கும்.

இந்தச் சேவைகளுக்கு உள்ள விலை பணம் அல்ல. கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்தால், உதவி மையத்தை அழைத்தாலும் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. செய்ய முடியாது என்பதுதான் அந்தப் பாதுகாப்பின் பொருளே. என்டே தரும் மீட்புச் சாவி 24 ஆங்கிலச் சொற்கள். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அதே கைபேசியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசி போனால் சாவியும் போகும். தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். கணவருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். என் அனுபவத்தில் வெளியார் எட்டிப் பார்த்ததால் படங்களை இழந்த குடும்பத்தைவிட, சொந்தக் கடவுச்சொல்லை மறந்து இழந்த குடும்பங்கள் அதிகம். அந்தத் தாளை ஒழுங்காகக் காக்க முடியும் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் என்டே பக்கம் போங்கள். இல்லையென்றால் கூகுளிலேயே இருந்துகொண்டு, அந்தரங்கமானவற்றை மட்டும் ஏற்றாமல் விடுவது உங்களுக்குப் பொருத்தம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. இன்றைக்கு 100 ஜிபித் திட்டத்தை ஒரு மாதத்துக்கு எடுப்பேன். அஞ்சல் வரத் தொடங்கும். இரவில் வைஃபையில், மின்னேற்றியில் போட்டபடி கைபேசியை விடுவேன். மீதமுள்ள படங்கள் ஏறுவதற்கு உங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகத்தைப் பொறுத்து இரண்டு மூன்று இரவுகள் ஆகலாம். விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்றம் என்றால் 41 ஜிபிக்குக் கணக்குப்படி ஒன்பது மணி நேரத்துக்கு மேல். Backup complete என்று வந்தபின் அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல், கணினியில் photos.google.com திறந்து மூன்றைத் தேடிப் பார்ப்பேன்: மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு படம், போன வாரத்துப் படம், நீளமான ஒரு வீடியோ. வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பேன், ஏனென்றால் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் பெரிய வீடியோக்கள்தான். ஆண்ட்ராய்டில் இன்னொரு பொறி இருக்கிறது. கேமராப் படங்கள் மட்டுமே இயல்பாக ஏறும். வாட்ஸ்அப், திரைப்பிடிப்பு, பதிவிறக்கம் ஆகிய கோப்புறைகளை நீங்களாக இயக்கினால்தான் ஏறும். பாட்டி அனுப்பிய படம் வாட்ஸ்அப் கோப்புறையில் இருந்தால் அது மேலே இல்லை.

Free up space-ஐத் தொடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஒரு வெளி வன்தட்டை வாங்கி, கைபேசியைக் கணினியோடு இணைத்து, கேமராப் படங்கள் இருக்கும் DCIM கோப்புறை முழுவதையும் அதில் நகலெடுங்கள். அசல்கள் கையில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் வேலை எளிது. பிறகு கூகுளிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், takeout.google.com வழியாகத் துண்டு துண்டான ஜிப் கோப்புகளாக வரும். படங்களோடு .json என்று முடியும் கோப்புகளும் வரும். போட்டோஸுக்குள் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அவற்றுக்குள் இருக்கும், படத்துக்குள் இருக்காது. கேமராப் படங்களில் எடுத்த தேதி உள்ளேயே பதிந்திருப்பதால் அவை தப்பிக்கும். வாட்ஸ்அப் படங்களில் அந்தப் பதிவு இல்லாததால், அவையெல்லாம் இறக்கிய நாளின் தேதியோடு ஒரே குவியலாக வந்து நிற்கும். அந்தக் குவியலை ஒருவருக்காகப் பிரித்துக்கொடுக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

தட்டில் நகல் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது என்று இரண்டையும் கண்ணால் பார்த்தபின் Free up space-ஐ அழுத்துங்கள். கைபேசியில் முப்பது நாற்பது ஜிபி காலியாகும். வீடியோவை 1080பி-க்கு மாற்றுவதையும் அதே நாளில் செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து one.google.com/storage பக்கத்தில் எண்ணைப் பாருங்கள். நான்கு ஜிபி அளவில் கூடியிருந்தால் நாம் போட்ட கணக்கு சரி, ஆண்டுக் கட்டணத்துக்கு மாறலாம். பத்துக்கு மேல் கூடியிருந்தால் எங்கோ 4கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் கணவரின் கைபேசியைப் பாருங்கள்.